டூட்டி ஃப்ரீ மாலுன்னு சொல்றாங்க, நம்பி வாங்கலாமா?

"கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு கடையில டியோர் சவாஜ் சென்ட்டு 100 எம்.எல். 3,800 ரூபா சொல்றாங்க, சீல் பிரிக்காத பாக்ஸ், பெங்களூர் ஏர்போர்ட் டூட்டி ஃப்ரீ மாலாம். வாங்கலாமாங்க?"

வேணாம்ங்க. அதுல ரொம்ப கம்மி விலையான ஈ.டி.டி. வகை 100 எம்.எல்.லே டூட்டி ஃப்ரீ கவுன்டர்ல நூறு டாலரை ஒட்டித்தான் நிக்கும், அப்ப அங்க காசு குடுத்து வாங்கினவரு பாதி விலைக்கு நமக்கு ஏன் தரணும்? அதே பேர்ல ஈ.டி.பி., பர்ஃபம், எலிக்ஸிர்னு வேற வேற சரக்கு வேற வேற விலைக்கு இருக்கு, அதனால பாக்ஸ்ல எது எழுதியிருக்குன்னு பார்க்காம விலையை ஒப்பிடாதீங்க.

மொதல்ல பில்லு கேளுங்க. ஏர்போர்ட் டூட்டி ஃப்ரீ பில்லுல வாங்கினவரோட ஃப்ளைட் விவரம் இருக்கும், சரக்கு பேரும் எம்.எல்.லும் இருக்கும். சரியான வழியில இறக்குமதி ஆகி கடைக்கு வந்த மாலுன்னா பாக்ஸ் மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதுல இம்போர்ட்டர் பேரு, அட்ரஸ், எம்.ஆர்.பி. எல்லாம் போட்டிருக்கும். டூட்டி ஃப்ரீ மாலுக்கு அந்த ஸ்டிக்கர் இருக்காது, அது தப்பில்ல, ஆனா ஸ்டிக்கரும் இல்ல பில்லும் இல்லன்னா கடைக்காரர் வாய்ச்சொல்லு மட்டும்தான் மிச்சம்.

அடுத்து பேட்ச் கோடு, அதாவது எப்ப தயாரிச்ச மாலுன்னு காட்டுற குறி. பாக்ஸ் அடியிலயும் பாட்டில் அடியிலயும் சின்னதா ஒரே கோடு இருக்கணும், டியோர்ல எண்ணும் எழுத்துமா நாலு இருக்கும், மொத எண் தயாரிச்ச வருஷத்தோட கடைசி இலக்கம். 5-ன்னு இருந்தா 2025-ஆவும் இருக்கலாம் 2015-ஆவும் இருக்கலாம், ஆன்லைன்ல கோடு போட்டு பார்க்கிற சைட்டும் இதுல குழம்பும். ரெண்டு கோடும் வேற வேறயா இருந்தா அங்கயே திருப்பி குடுத்துடுங்க. ஒண்ணா இருந்தா மட்டும் ஒரிஜினல்னு முடிவு பண்ணிடாதீங்க, ஏன்னா டூப்ளிகேட் அடிக்கிறவங்க நிஜ பாட்டில்ல இருந்தே ஒரு கோடை எடுத்து ஆயிரம் பாக்ஸுக்கு அடிச்சிடுவாங்க, ஒரே கடையில வேற வேற சென்ட்டுக்கு ஒரே கோடு இருந்தா கதை முடிஞ்சுது.

சீல் பாக்ஸ்ல பாட்டில் அடியை பார்க்க முடியாதே, அதுதான் சிக்கல். அதனால காசு குடுக்கறதுக்கு முன்னாடியே "உங்க முன்னாடியே பிரிக்கிறேன், கோடு ஒத்து வரலன்னா பணம் திருப்பணும்"னு பேசிக்கோங்க, பிரிக்கிறதை ஃபோன்ல வீடியோ எடுங்க, இதுக்கு மூஞ்சி சுளிக்கிற கடையில வாங்கவே வேணாம். பிரிச்சதும் ஸ்ப்ரே பண்ணி பாருங்க, பொடிப்பொடியா பரவணும், சொட்டுசொட்டா தெறிச்சா சந்தேகம்தான். ஒரிஜினலாவே இருந்தாலும் வெயில் படுற ஷோகேஸ்ல மாசக்கணக்கா நின்ன பாட்டில் கெட்டுப்போகும், மொதல்ல வர்ற எலுமிச்சை மாதிரி வாசனை போய் புளிச்ச நெடி அடிக்கும், அதனால கடைக்கு உள்ள ரேக்ல இருக்கிறதை கேட்டு வாங்குங்க.

கடையில அடிச்சு பார்க்க வைக்கிற டெஸ்டர் பாட்டில்னு குடுத்தா பாக்ஸ் வெள்ளையாவோ பிளெயினாவோ இருக்கும், மூடி கூட இல்லாம இருக்கலாம், உள்ள இருக்கிறது அதே சென்ட்டுதான், ஆனா அது விக்கிறதுக்கு வந்த மாலு கிடையாது, போலிகாரங்களுக்கும் அந்த பிளெயின் பாக்ஸ் அடிக்கறது ரொம்ப சுலபம். 3,800-தான் பட்ஜெட்னா அதே பிராண்டுல சின்ன பாட்டில் இருக்கான்னு பில்லு போடுற கடையில கேட்டு பாருங்க.