வீட்டில் போடும் ஊறுகாய்க்கும் லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி: வீட்டில் எலுமிச்சை ஊறுகாய் போட்டு, தெரிந்தவர்களுக்கு பாட்டிலில் விற்கலாம் என்றிருக்கிறேன். இதற்கும் லைசென்ஸ் வாங்க வேண்டுமா?

மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான FSSAI-இல் பதிவு செய்தால் போதும். சிறிய அளவில் விற்பவர்களுக்குப் பதிவு, பெரிய அளவில் விற்பவர்களுக்கு உரிமம் என்று இரண்டு உண்டு. 2022-இல் நான் பதிந்தபோது ஆண்டு விற்பனை 12 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் பதிவு, கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். இவை மாறக்கூடியவை, விண்ணப்பிக்கும் அன்று foscos.fssai.gov.in தளத்திலேயே பாருங்கள். புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று போதுமானதாக இருந்தது. பெயரில் அதைப்போலவே இருக்கும் தனியார் தளங்கள் இரண்டாயிரம், மூவாயிரம் என்று கேட்கும். தளத்தின் பெயர் .gov.in என்று முடிகிறதா என்று பார்த்தபிறகே பணம் கட்டுங்கள். கிடைக்கும் 14 இலக்க எண் நீங்கள் சமைக்கும் இடத்துக்கு உரியது. வீடு மாறினால் அதையும் மாற்ற வேண்டும்.

அதைவிடக் கவனம் கேட்பது லேபிள். டிபன் விற்றால் அது அன்றே சாப்பிட்டு முடிந்துவிடும். ஊறுகாய் இன்னொருவர் வீட்டில் மாதக்கணக்கில் இருக்கும். அடைத்து விற்கும் பாட்டிலில் சேர்மானங்கள், நிகர எடை, விலை, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், உங்கள் முகவரி, பதிவு எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் வேண்டும். ஒன்றாகப் போட்டு அடைத்த பாட்டில்களை அடையாளம் காட்டும் தொகுதி எண்ணையும் விட்டுவிடாதீர்கள். அதன் அருமையை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒருமுறை ஐந்து கிலோ எலுமிச்சைக்கு ஒரு கிலோ கல்லுப்பு, ஒரு லிட்டர் நல்லெண்ணெய் சேர்த்துப் போட்டேன். 300 கிராம் பாட்டில் இருபது வந்தது. பழம் 450, எண்ணெய் 380, மிளகாய்த்தூள் முதலியவை 200, பாட்டில் 280, லேபிள் 40 என்று 1,350 ரூபாய் செலவு. 110 ரூபாய் வீதம் எல்லாம் விற்றால் 850 ரூபாய் மிஞ்சும். காஸும் என் உழைப்பும் அதற்குள்தான். மூன்றாவது வாரம் ஒரு அக்கா, மேலே வெள்ளையாக இருக்கிறது என்று பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். உப்புப் பூத்திருந்தால் மணல்போல நெருடும், தண்ணீரில் கரையும். இது பஞ்சுபோல இருந்தது, மக்கிய வாடை வேறு. பூஞ்சைதான்.

தொகுதி எண்ணை வைத்து அதே நாளில் அடைத்தவற்றைத் தேடினேன். இன்னும் மூன்றில் அதே வெள்ளை. மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது, பூஞ்சை உள்ளேயும் இறங்கியிருக்கும். நான்கையும் கொட்டிவிட்டு 440 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். லாபத்தில் பாதி போயிற்று.

அவற்றை அடைத்த அன்று, காலையில் கழுவிய பாட்டில்களை ஒரு மணி நேரம் மட்டும் கவிழ்த்து வைத்திருந்தேன். பார்க்கக் காய்ந்ததுபோல இருந்தாலும் மூடி திருகும் இடத்தில் ஈரம் தங்கியிருந்தது. துண்டுகளும் எண்ணெய்க்கு மேலே தலைகாட்டிக்கொண்டிருந்தன. இப்போது முந்தின நாளே வெந்நீரில் கழுவி, மூடியையும் பாட்டிலையும் தனித்தனியாக ஒரு முழுநாள் வெயிலில் காயவைக்கிறேன். அடைத்த பின் துண்டுகள் மூழ்கும்வரை காய்ச்சி ஆறிய எண்ணெய் ஊற்றுகிறேன். லேபிளில் ‘ஈரக் கரண்டி போடாதீர்கள்’ என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன்.