கொதிக்கும் எண்ணெய் தெறித்தால் முதலில் தேடவேண்டியது குழாய்

கேள்வி: நேற்று மாலை வடை சுடும்போது எண்ணெய் தெறித்து இடது மணிக்கட்டில் கொப்புளம் எழும்பிவிட்டது. ஐந்து ராண்ட் காசு அளவு இருக்கும். பெரியம்மா உடனே பற்பசை தடவி, அதன்மேல் மஞ்சள்தூளும் வைத்தார். எரிச்சல் குறையவில்லை. கொப்புளத்தை ஊசியால் குத்திவிடலாமா? எனக்கு வயது 52, சர்க்கரை நோய் உண்டு.
— வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: ஊசியைப் பெட்டியிலேயே வையுங்கள். கொப்புளத்தின் மேல்தோல்தான் இப்போது உங்களுக்குக் கிடைத்திருக்கும் மிகச் சுத்தமான கட்டு. அதைக் குத்தினால் கிருமிக்கு வாசல் திறந்துவிட்டதாக ஆகும். குழாய்த் தண்ணீரை மெல்ல ஓடவிட்டு, பற்பசையும் மஞ்சளும் ஊறித் தானாக வரும் அளவுக்கு மட்டும் கழுவுங்கள். தேய்க்க வேண்டாம், ஒட்டியிருப்பதைச் சுரண்டவும் வேண்டாம். பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் ஒட்டாத கட்டுத்துணியை வைத்துத் தளர்வாகக் கட்டிக்கொண்டு, இன்றே அருகிலுள்ள கிளினிக்குக்குப் போங்கள். அளவில் இது சிறிய காயம்தான். ஆனால் மூட்டின் மேல் இருக்கிறது, உங்களுக்குச் சர்க்கரையும் இருக்கிறது. இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே ஒருமுறை காட்டிவிடச் சொல்வேன்.

நேற்று மாலை என்ன செய்திருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். வடைச் சட்டி அடுத்த வாரமும் அடுப்பில் ஏறும் அல்லவா?

வடை வேகும் எண்ணெய் 170, 180 டிகிரிச் சூட்டில் இருக்கும். கொதிநீரோ 100 டிகிரிதான். தண்ணீர் வழிந்து ஓடிவிடும், எண்ணெய் தோலில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைத் துடைத்த பிறகும் உள்ளே இறங்கிய சூடு அங்கேயே இருந்து அடுத்த அடுக்கையும் வேகவைக்கும். அடுப்பை அணைத்த பிறகும் சட்டியில் சோறு வெந்துகொண்டிருப்பது போலத்தான். அந்தச் சூட்டை வெளியே இழுக்கும் மருந்து ஓடும் தண்ணீர் ஒன்றுதான். வளையல், மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்குள் கழற்றிவிட்டு, கையைக் குழாயின் கீழே 20 நிமிடம் வையுங்கள். பலரும் இரண்டு நிமிடத்தில் எரிச்சல் அடங்கியதும் கையை எடுத்துவிடுகிறார்கள். கையை எடுத்ததும் எரிச்சல் திரும்பிவந்தால், உள்ளே சூடு மிச்சமிருக்கிறது என்று பொருள். நம் பகுதியில் குழாய் வறண்டுபோகும் நாட்களும் உண்டு. அப்போது வாளித் தண்ணீரைக் குவளை குவளையாக மொண்டு ஊற்றுங்கள். சுட்டு மூன்று மணி நேரத்துக்குள் என்றால் தாமதமாகச் செய்தாலும் பலன் உண்டு. உங்களுக்கு ஓர் இரவே கழிந்துவிட்டதால் இனி அது உதவாது. எரிச்சலுக்குப் பாராசிட்டமால் போதும்.

பனிக்கட்டியை மட்டும் வைக்காதீர்கள். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, பிழைத்திருக்கும் தோலையும் சாகடித்துவிடும்.

பெரியம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். என் ஆயா வெண்ணெய்க் கட்சி. பற்பசையில் உள்ள புதினாக் குளிர்ச்சி மூளையை ஏமாற்றுமே தவிரச் சூட்டை எடுக்காது. வெண்ணெயும் எண்ணெயும் சூட்டை உள்ளேயே மூடி வைக்கின்றன. முட்டை வெள்ளைக்கருவோ கிருமியைக் கொண்டுவந்து சேர்க்கும். மஞ்சளில், காயத்தைப் பார்க்கும் எங்களுக்கு வேறொரு தொல்லை இருக்கிறது. காயம் எவ்வளவு ஆழம் என்பதை நாங்கள் நிறத்தைப் பார்த்துத்தான் சொல்கிறோம். விரலால் அழுத்தினால் வெளுத்து, விட்டதும் சிவந்தால் மேலோட்டமான காயம். அழுத்தியும் நிறம் மாறவில்லை, வெள்ளையாகவோ தோல் பட்டை போலவோ இருக்கிறது, தொட்டால் வலியும் இல்லை என்றால் ஆழமான காயம். வலி இல்லை என்று அங்கே மகிழக்கூடாது, நரம்பே வெந்துவிட்டது என்று பொருள். மஞ்சள் பூசிய கையில் இதில் எதையும் பார்க்க முடியாது. முதலில் கழுவியாக வேண்டும், அதுதான் நோயாளிக்குப் பெரிய வேதனை.

காயம் பட்டவரின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை அளவுக்கு மேல் சுட்டிருந்தாலும், முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகிய இடங்களில் கொப்புளம் வந்தாலும், கைக்குழந்தை அல்லது முதியவர் என்றாலும் காத்திருக்காமல் காட்டுங்கள். பெரிய காயம், மூச்சுத் திணறல் என்றால் 10177 எண்ணுக்கு, கைப்பேசியில் 112 எண்ணுக்கு அழையுங்கள்.

கிளினிக்கில் உங்கள் சர்க்கரை அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டிவிட்டால் அதையும் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு, காயத்தைச் சுற்றியுள்ள சிவப்பின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். மறுநாள் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, சீழோ நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ, அன்றே திரும்பவும் போங்கள். இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலும் போங்கள். ஆறாத மூட்டுக் காயம் தோலைச் சுருக்கி, மணிக்கட்டை மடக்க முடியாமல் செய்துவிடும்.