ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரைக் கணக்கைப் புதிய போனுக்கு மாற்றுவது

கேள்வி: அப்பாவின் மாத்திரை நினைவூட்டல்கள் எல்லாம் பழைய போனில் உள்ள செயலியில் இருக்கின்றன. புதிய போனுக்கு மாறும்போது நேரமும் சாப்பிட்ட கணக்கும் போகாமல் இருக்க என்ன செய்வது? போன் தொலைந்துவிட்டால்?

பதில்: கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் என் தந்தைக்கு, இதய வால்வு மாற்றியதிலிருந்து இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் கொடுத்து வருகிறோம். தினமும் இரவு 3 மி.கி. மாத்திரை ஒன்று, ஒருநாள் விட்டு ஒருநாள் அதனுடன் 1 மி.கி. மாத்திரையும் உண்டு. கோவையில் இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனை பார்க்கும்போது அதன் அளவு மாறியிருந்தால், இடையில் மாத்திரை விட்டுப்போனதா என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார். அதனால் பழைய பதிவும் எங்களுக்கு முக்கியம்.

செயலியில் கணக்கு வைத்து உள்நுழையும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையெனில் அமைப்புகளில் உள்ள ஏற்றுமதி வழியாகக் கோப்பை எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லாத செயலியில் கையால்தான் பதிய வேண்டும். அங்கேதான் பிசகு நேரும். 'இரண்டு நாளுக்கு ஒருமுறை' என்பது தொடக்கத் தேதியிலிருந்து எண்ணப்படுவது. செயலி பெரும்பாலும் பதியும் நாளையே தொடக்கமாக வைத்துக்கொள்ளும். நேற்றிரவு 1 மி.கி. கொடுத்திருந்தால், தொடக்கத் தேதி நாளையாக இருக்க வேண்டும். ஒற்றைப்படைத் தேதிகளை அடையாளமாக வைப்பதும் உதவாது, ஏனெனில் 31-க்கு அடுத்த 1-ஆம் தேதியும் ஒற்றைப்படையே.

அன்றைய இரவு மாத்திரையைக் கொடுத்து, பழைய போனில் பதிந்த பிறகே மாற்றத் தொடங்குங்கள். கடந்த வாரப் பதிவை இரு போன்களிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 14 முதல், காப்புப்பிரதியிலிருந்து மீட்ட செயலிக்குக்கூட துல்லியமான நேரத்தில் ஒலிக்கும் அனுமதி தானாக வந்துவிடாது. அமைப்புகளில் `Alarms & reminders` என்பதை நாமே இயக்க வேண்டியிருக்கலாம். சில நிமிடங்கள் கழித்து ஒலிக்கும்படி ஒரு சோதனை நினைவூட்டல் வைத்து, திரையைப் பூட்டி, ஒலிக்கிறதா என்று பாருங்கள். ஒலித்ததும் பழைய போனின் நினைவூட்டல்களை நிறுத்திவிடுங்கள். இரண்டும் ஒலித்தால் வயதானவர் ஒரே இரவில் இருமுறை போட்டுக்கொள்ளக்கூடும்.

போன் தொலைந்தால் முதலில் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்குங்கள், உள்நுழைய ஓ.டி.பி. அதில்தான் வரும். கூகுள் காப்புப்பிரதி இருந்தால் தாமதிக்க வேண்டாம், சாதனம் 57 நாட்கள் பயன்பாட்டில் இல்லையென்றால் அது அழிக்கப்படலாம். புதிய போனை முதன்முதலில் அமைக்கும்போதே மீட்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள்.

எதுவும் கிடைக்காவிட்டால், மாத்திரை அட்டையே சாட்சி. கையிருப்பு தீர்ந்தபின் 3 மி.கி. 30-ம் 1 மி.கி. 10-ம் வாங்கி 14 இரவுகள் ஆகியிருந்தால், முறையே 16-ம் 3-ம் மீதி இருக்க வேண்டும். பெரிய மாத்திரை 17 இருந்தால், ஓர் இரவு விட்டுப்போயிருக்கிறது. எந்த இரவு என்பது அட்டையில் தெரியாது. எண்ணிக்கையை மட்டும் குறித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்றிரவு போட்டாரா என்பது அட்டையை எண்ணியும் தெளியவில்லை என்றால், இன்னொன்றைக் கொடுக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துக் கேளுங்கள்.