சான்றிதழ்ப் படங்களும் முகப்புக் கடிதமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கல்லூரியில் இளங்கலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். சான்றிதழ்களைக் கைபேசியில் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்புமாறு அலுவலகத்தில் சொன்னார்கள். "இத்துடன் என் சான்றிதழ்களை இணைத்துள்ளேன்" என்று ஒரு வரி எழுதினால் போதாதா? (மன்னார்குடி வாசகி)

போதாது. சேர்க்கைக் காலத்தில் கல்லூரி அலுவலகத்தின் எழுத்தர் ஒரே நாளில் பல மாணவர்களின் படங்களைத் திறந்து பார்க்கிறார். கைபேசி தானாக இட்ட பெயரோடு வரும் ஆறு படங்களில் எது மாற்றுச் சான்றிதழ், எது சாதிச் சான்றிதழ் என்பதை அவர் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருக்கும். ஒவ்வொரு படமும் எந்த ஆவணம், அதை வழங்கியவர் யார், அதில் உள்ள எதைக் காட்டுவதற்காக அனுப்புகிறீர்கள் என்ற மூன்றையும் முகப்புக் கடிதம் சொல்லிவிட்டால், அவர் கடிதத்தை ஒரு பக்கமும் படத்தை மறுபக்கமும் வைத்துச் சரிபார்த்துவிடுவார்.

நீங்கள் அனுப்பவிருப்பவை ஐந்து சான்றிதழ்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மாற்றுச் சான்றிதழ் இரு பக்கங்களில் அச்சாகியிருப்பதால் படங்கள் ஆறாகின்றன. இந்த வேறுபாட்டைக் கடிதத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ஏதோ ஒன்று இருமுறை வந்துவிட்டதாகக் கருதி அலுவலகத்தில் ஒதுக்கிவிடக்கூடும். பெயர், விண்ணப்ப எண், பாடப்பிரிவு ஆகியவற்றைப் "பொருள்" வரியில் எழுதியபின், கடிதத்தின் உடல் ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்:

> ஐயா / அம்மா,
>
> என் சேர்க்கை தொடர்பாக ஐந்து சான்றிதழ்களின் படங்களை, ஆறு கோப்புகளாக, இத்துடன் இணைத்துள்ளேன்.
>
> 1. `01-SSLC.jpg`: அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழங்கிய பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், 2023. என் பெயரும் பிறந்த தேதியும் இதில் உள்ளன.
>
> 2. `02-HSC.jpg`: அதே இயக்ககம் வழங்கிய பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், மார்ச் 2025. மொத்தம் 600-க்கு 487 மதிப்பெண்கள்.
>
> 3. `03-TC-1.jpg`, `03-TC-2.jpg`: பள்ளித் தலைமையாசிரியர் வழங்கிய மாற்றுச் சான்றிதழின் முன்பக்கமும் பின்பக்கமும். பள்ளியை விட்டு விலகிய நாளும் நடத்தைக் குறிப்பும் பின்பக்கத்தில் உள்ளன.
>
> 4. `04-Community.jpg`: மன்னார்குடி வட்டம், மண்டலத் துணை வட்டாட்சியர் வழங்கிய சாதிச் சான்றிதழ். நான் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் என்பதைக் காட்டுகிறது. சான்றிதழ் எண் ..............
>
> 5. `05-School.jpg`: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் பயின்றதற்கு என் பள்ளித் தலைமையாசிரியர் வழங்கிய படிப்புச் சான்று. புதுமைப் பெண் திட்ட விண்ணப்பத்திற்காக இணைத்துள்ளேன்.
>
> மூலச் சான்றிதழ்கள் அனைத்தும் என்னிடம் உள்ளன. நேரில் வரும்போது காட்டுவேன்.

நான்காவது, ஐந்தாவது வரிகளைச் சற்றுக் கவனியுங்கள். மாற்றுச் சான்றிதழிலும் சாதிக்கென ஒரு கட்டம் இருக்கிறது. ஆனால் வருவாய்த் துறை தனியே வழங்கிய சான்றிதழைப் பார்க்கவும் என்றே பெரும்பாலும் அதில் குறித்திருப்பார்கள். ஆகையால் வகுப்புக்கு ஆதாரமாக மாற்றுச் சான்றிதழைக் காட்டிப் பயனில்லை. அதேபோல் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை வைத்துக்கொண்டு ஆறாம் வகுப்பில் எங்கே படித்தீர்கள் என்று ஒருவரும் அறிய முடியாது. ஐந்தாவது தாளுக்குத் தேவை ஏற்படுவது அதனால்தான். ஒவ்வொரு தாளும் தன்னில் எழுதப்பட்டதை மட்டுமே காட்டுகிறது. நீங்கள் நிரூபிக்க விரும்புவதையெல்லாம் அதன்மேல் ஏற்றி எழுதாதீர்கள்.

கேள்வி: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என் தலைப்பெழுத்து மட்டும் இருக்கிறது. சாதிச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முழுமையாக இருக்கிறது. என் பெயரிலும் ஓர் ஆங்கில எழுத்து மாறியிருக்கிறது. கடிதத்தில் இதைச் சொன்னால் சிக்கலாகிவிடாதா? (பாபநாசம் வாசகர்)

சொல்லாமல் விட்டால்தான் சிக்கல். வேறுபாட்டை எழுத்தர் தாமாகக் கண்டுபிடித்தால் அது விளக்கம் கேட்க வேண்டிய குறையாகிவிடும். நீங்களே எழுதியிருந்தால் அது கோப்பில் பதிவான தகவலாக நிற்கும். சாதிச் சான்றிதழைப் பற்றிய பத்தியின் கீழ், இரு ஆவணங்களிலும் பெயர் அச்சாகியிருக்கும் விதத்தை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதி, "இவ்விரண்டும் என்னையே குறிக்கின்றன, கல்லூரிப் பதிவேட்டில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி என் பெயரைப் பதிவு செய்ய வேண்டுகிறேன்" என்று சேர்த்துவிடுங்கள்.

தலைப்பெழுத்து விரிந்திருப்பது பெரிய விஷயமன்று. ஒரு வாக்கியம் போதும். எழுத்து மாறியிருப்பது அப்படியன்று. பின்னாளில் உதவித்தொகை விண்ணப்பத்தில் இரு பெயர்களையும் கணினி ஒப்பிடும்போது பிழை காட்டக்கூடும் என்பதால், இ-சேவை மையத்தின் வழியே திருத்திய சாதிச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டின் எண்ணையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். கைபேசிச் செயலியைக் கொண்டு படத்திலேயே எழுத்தைத் "திருத்துவது" மட்டும் வேண்டவே வேண்டாம்; மூலச் சான்றிதழோடு ஒப்பிடும் நாளில் அது போலி ஆவணமாகவே கருதப்படும்.

கேள்வி: 2018 நவம்பரில் கஜா புயலின்போது வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து என் அக்காவின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நனைந்துவிட்டது. இப்போது அவர் மீண்டும் படிக்க விரும்புகிறார். படத்தில் பதிவெண் தெளிவாக இல்லை. கடிதத்தில் எப்படிக் குறிப்பிடுவது? (வேதாரண்யம் வாசகர்)

தெரிவதைத் தெரிகிறது என்றும், தெரியாததைத் தெரியவில்லை என்றும் எழுத வேண்டும். எடுத்துக்காட்டாக: "மூலச் சான்றிதழ் நீரில் நனைந்ததால் பதிவெண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் படத்தில் தெளிவாக இல்லை. பெயர், பிறந்த தேதி, மதிப்பெண்கள், இயக்கக முத்திரை ஆகியவை தெளிவாக உள்ளன. முழுப் பதிவெண்ணைத் தேர்வு நுழைவுச் சீட்டிலிருந்து எடுத்து இங்கே தருகிறேன். அச்சீட்டின் படமும் இணைப்பில் உள்ளது." எண்ணை நினைவிலிருந்து எழுதினால், அதையும் நினைவிலிருந்து எழுதுவதாகவே சொல்ல வேண்டும்.

படமெடுக்கும்போது தாளைச் சன்னலோரப் பகல் வெளிச்சத்தில் சமதளமாக வைத்து, மின்னொளியை அணைத்துவிட்டு, நேர்மேலிருந்து எடுங்கள். லேமினேட் செய்த தாளாக இருந்தால் மின்னொளி பட்ட இடம் வெண்மையாகி, அதற்குக் கீழுள்ள எழுத்து மறைந்துவிடும். முழுப் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதில் தவறில்லை. மங்கிய எழுத்தின்மேல் பேனாவால் எழுதிய தாளையோ, கைபேசியில் எழுத்தைத் தீட்டிய படத்தையோ அனுப்பக்கூடாது. கல்லூரி இதை ஏற்றாலும், அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடமிருந்து இரண்டாம் படி பெறுவதற்கான விண்ணப்பத்தை அக்கா தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: மூலச் சான்றிதழ் இன்னும் பள்ளிக்கு வரவில்லை, தற்காலிக மதிப்பெண் சான்றிதழ்தான் இருக்கிறது. (திருவையாறு வாசகி)

அதன் பெயராலேயே குறிப்பிடுங்கள்: "இணையத்திலிருந்து பதிவிறக்கிய தற்காலிக மதிப்பெண் சான்றிதழ், மூலச் சான்றிதழ் பள்ளியில் வழங்கப்பட்டவுடன் ஒப்படைப்பேன்." வெறுமனே "மதிப்பெண் சான்றிதழ்" என்று எழுதிவிட்டால், மூலம் பெறப்பட்டதாக அலுவலகம் குறித்துக்கொள்ளவும், நீங்கள் அதைக் கொடுக்க மறந்துவிடவும் வழியுண்டு.

கேள்வி: இ-சேவை மையத்தில் வாங்கிய வருமானச் சான்றிதழையும் படமெடுத்துத்தான் அனுப்ப வேண்டுமா? (கும்பகோணம் வாசகர்)

வேண்டியதில்லை. பதிவிறக்கிய பி.டி.எஃப். கோப்பு உங்களிடம் இருந்தால் அதையே இணைத்து, சான்றிதழ் எண்ணையும் வழங்கிய நாளையும் கடிதத்தில் எழுதுங்கள். அந்த எண்ணைக் கொண்டு அலுவலகத்தினரே இணையத்தில் சரிபார்த்துக்கொள்ள முடியும். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லும் என்பதால், அவர்கள் முதலில் தேடுவது நாளைத்தான். காகித அச்சு மட்டுமே இருந்தால், மூலையில் உள்ள கியூஆர் குறியீடு வெட்டுப்படாமல் முழுத் தாளையும் படமெடுங்கள்.