பஸ் டிக்கெட், பில், மருந்து லேபிள்: படித்துச் சொன்னாரா, தெரிந்து சொன்னாரா?

கேள்வி: மாலை வகுப்பில் 14 பேருக்கு எழுத்தறிவு கற்றுத் தருகிறேன். எல்லாரும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். பஸ் டிக்கெட், கரண்ட் பில், மருந்து லேபிள் வைத்து ஒரு வினாடி வினா நடத்தினேன். "டிக்கெட் எவ்வளவு?", "இது என்ன பில்?", "இந்த மாத்திரை எதற்கு?" என்று கேட்டேன். எல்லாரும் சரியாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் உண்மையிலேயே படித்துத்தான் சொன்னார்களா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கேள்விகளை எப்படி அமைக்க வேண்டும்?

பதில்: உங்கள் சந்தேகம் சரியானதுதான். தினமும் போகும் வழியில் டிக்கெட் எவ்வளவு என்று அவர்களுக்கு மனப்பாடம். மாத்திரையை அட்டையின் நிறத்தை வைத்தே அடையாளம் சொல்லிவிடுவார்கள். இத்தனை வருடம் எழுத்தில்லாமல் சமாளித்தவர்களுக்கு இந்த நினைவாற்றல்தான் பெரிய பலம். அதனால் கேள்வி தயாரானதும் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு நண்பரிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். தாளைப் பார்க்காமலே அவரால் பதில் சொல்ல முடிந்தால் அந்தக் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிடலாம். நீங்கள் கேட்ட மூன்றில் "இது என்ன பில்?" என்பதற்குத் தாளின் வடிவமே பதில் சொல்லிவிடும். மற்ற இரண்டும் பழக்கத்திலிருந்து வரும் பதில்கள்.

அடுத்து கவனிக்க வேண்டியது, பதிலைச் சுற்றி என்ன இருக்கிறது என்பது. 1994-ல் தொடங்கிய சர்வதேச வயதுவந்தோர் எழுத்தறிவு ஆய்வில் ஒரு மருந்து லேபிளைக் கொடுத்து, இந்த மருந்தை அதிகபட்சம் எத்தனை நாள் சாப்பிடலாம் என்று கேட்டார்கள். அந்தத் தேர்விலேயே மிகச் சுலபமான கேள்விகளில் அதுவும் ஒன்று. மருந்து லேபிள் என்றாலே கடினம் என்று நாம் நினைப்போம். அது ஏன் சுலபமானது? அந்த லேபிளில் நாள் கணக்கு ஒரே இடத்தில்தான் வந்தது, கேள்வியில் இருந்த சொல்லும் லேபிளில் இருந்த சொல்லும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, ஒரு தாள் கடினமா சுலபமா என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று, பதில் மாதிரியே தோன்றும் வேறு எண்கள் அருகில் எத்தனை இருக்கின்றன. இன்னொன்று, கேள்வியின் சொல்லும் தாளின் சொல்லும் எவ்வளவு ஒத்துப்போகின்றன. இந்த இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் குறைத்தும் ஒரே தாளில் பல படிகளில் கேள்வி கேட்கலாம்.

கரண்ட் பில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று தேதிகள் இருக்கும்படி ஒரு மாதிரி பில் தயார் செய்யுங்கள்: பில் போட்ட தேதி 5, கட்ட வேண்டிய கடைசித் தேதி 20, இணைப்பைத் துண்டிக்கும் தேதி 27. முதல் படியில் "கடைசித் தேதி எது?" என்று கேளுங்கள். அதே சொல் தாளில் இருக்கிறது, விரலால் தேடி அதைக் கண்டுபிடித்தால் போதும். அடுத்த படியில் "அபராதம் இல்லாமல் எந்த நாள் வரைக்கும் கட்டலாம்?" என்று கேளுங்கள். இப்போது சொல் மாறிவிட்டது, அர்த்தம் புரிந்தால்தான் 20-ஐத் தொட முடியும். மூன்றாவது படியில், "இன்று தேதி 23, இவர் இன்னும் கட்டவில்லை. கரண்ட் இன்னும் இருக்குமா? இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?" என்று கேளுங்கள். இதற்கு இரண்டு தேதிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் கேள்விக்கே ஒருவர் 5-ஐக் காட்டினால், தாளில் மேலே முதலில் தென்படும் தேதியை எடுக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். அவருக்கு எண் தெரியும். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லைப் படிக்கும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் அவருக்குக் கொடுக்க வேண்டிய பயிற்சி அதுதான்.

மருந்து லேபிளுக்கு வருகிறேன். அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான், ஏனென்றால் இதில் படிப்பது வேறு, செய்வது வேறு. 2006-ல் அமெரிக்காவில் 395 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. "இரண்டு மாத்திரை, நாளுக்கு இரண்டு வேளை" என்ற லேபிளை, வாசிப்புத் திறன் குறைவாக இருந்தவர்களில் சுமார் 71 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை, எண்ணிக் காட்டுங்கள் என்றபோது சுமார் 35 சதவீதம் பேரால்தான் முடிந்தது. வாயால் சொல்லச் சொல்லி மட்டும் சோதித்திருந்தால் இந்த இடைவெளி கண்ணில் பட்டிருக்காது. ஆகவே மருந்து லேபிள் கேள்விக்குப் பதிலை வாயால் கேட்காதீர்கள், கையால் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கிண்ணத்தில் சட்டைப் பொத்தான்களை வையுங்கள். மருந்து என்று நிஜ மாத்திரை எதுவும் வகுப்புக்குள் வரவே கூடாது.

எண்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. "2 மாத்திரை, 2 வேளை" என்று போட்டால் பெருக்கினாலும் 4, கூட்டினாலும் 4. தவறாகக் கூட்டியவரும் சரியான பதிலோடு வந்து நிற்பார், உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் "பயிற்சி மாத்திரை, 500 மி.கி. ஒரு வேளைக்கு 2 மாத்திரை, நாளுக்கு 3 வேளை, 4 நாட்களுக்கு" என்று லேபிள் எழுதுங்கள். "ஒரு நாளைக்கு உள்ளதை எடுத்து வையுங்கள்" என்று சொல்லுங்கள். 6 பொத்தான் வைத்தவர் புரிந்துகொண்டவர். 2 வைத்தவர் முதல் எண்ணோடு நின்றுவிட்டார். 3 வைத்தவர் வேளைக் கணக்கை மாத்திரைக் கணக்காக எடுத்துக்கொண்டார். 5 வைத்தவர் இரண்டையும் படித்துவிட்டார், ஆனால் கூட்டிவிட்டார். 4 வைத்தால் நாள் கணக்கோடு குழம்பியிருக்கிறார். ஒவ்வொரு தவறும் வேறு வேறு எண்ணாக வருவதால், பொத்தான்களைப் பார்த்த உடனே யாருக்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்று தெரிந்துவிடும். லேபிளிலிருந்து 500-ஐ நீக்காமலே விடுங்கள். அந்தப் பெரிய எண் அங்கே இருந்தும் அதைக் கடந்து போகக் கற்றுக்கொள்வதும் படிப்பில் ஒரு பகுதிதான். 2 அல்லது 3 வைத்தவர்களை "காலையில் எத்தனை, மதியம் எத்தனை, இரவு எத்தனை" என்று மூன்று குவியலாக வைக்கச் சொல்லிப் பாருங்கள். பலருக்கு அங்கேயே தெளிந்துவிடும்.

எழுதியிருந்ததை நினைவில் வைத்துச் சொல்கிறார்களா என்று பார்க்க, இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு மாற்று லேபிள் கொடுங்கள். அதே வடிவம், வேறு எண்: "ஒரு வேளைக்கு 5 மி.லி., நாளுக்கு 3 வேளை, பாட்டிலில் மொத்தம் 60 மி.லி." ஒரு நாளைக்கு 15 மி.லி., கூட்டியவர் 8 என்பார். அளவு மூடியில் தண்ணீரை ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். பாட்டில் எத்தனை நாள் வரும் என்று கேட்டால் 4 என்று வர வேண்டும். இது கடினமான கேள்வி, வகுப்பில் பாதிப் பேருக்கு வராவிட்டாலும் கவலைப்பட வேண்டாம்.

காலாவதி தேதிக்குத் தனியாக ஒரு கேள்வி வையுங்கள். தயாரித்த தேதியும் காலாவதி தேதியும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி அச்சாகியிருப்பதால் இங்கேதான் குழப்பம் அதிகம். இரண்டு அட்டைகள் செய்யுங்கள். முதலாவதில் தயாரிப்பு சென்ற வருடம், காலாவதி அடுத்த வருடம். இரண்டாவதில் தயாரிப்பு இந்த வருட ஆரம்பம், காலாவதி சென்ற மாதம். "எதைத் தூக்கிப் போடுவீர்கள்?" தயாரிப்புத் தேதியைப் பார்ப்பவர் பழைய அட்டையைத்தான் காட்டுவார். லேபிள் ஆங்கிலத்தில் இருந்தால், 'இ', 'எக்ஸ்', 'பி' என்ற மூன்று எழுத்துகளின் வடிவத்தை மட்டும் அடையாளம் காணச் சொல்லித்தந்தால் போதும், ஆங்கிலம் முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. அப்புறம், மாதமும் வருடமும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று பொருள். இதையும் சொல்லிவிடுங்கள்.

பஸ் டிக்கெட்டில் கேள்விக்கு இடம் குறைவு. அவர்கள் போகாத வழித்தட டிக்கெட்டைத் தேடிப் பிடித்து, "இது எத்தனை பேருக்கான டிக்கெட்?", "எங்கே ஏறி எங்கே இறங்க?" என்று கேளுங்கள். போக ஒன்று, திரும்ப ஒன்று என இரண்டு டிக்கெட்டுகளைக் கலந்து கொடுத்து, திரும்பி வந்தது எது என்று பிரிக்கச் சொன்னால் நன்றாக வேலை செய்யும். இரண்டிலும் ஊர்ப் பெயர்கள் ஒன்றுதான், வரிசைதான் வேறு.

டிக்கெட்டும் பல பில்களும் வெப்பத்தாளில் அச்சாகிறவை, சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய உடனே நகல் எடுத்துவிடுங்கள். ஒரு முறை நான் இருபது டிக்கெட் சேர்த்து, கிழியாமல் இருக்கட்டும் என்று லேமினேஷனுக்குக் கொடுத்தேன். அந்தச் சூட்டில் இருபதும் கறுத்துப்போய் ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை. நகலைத்தான் லேமினேட் செய்ய வேண்டும்.

உங்கள் வகுப்பில் எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள் என்பதால் இன்னொன்றையும் கவனியுங்கள். பொடி எழுத்து தெரியாததற்குக் கண்ணும் காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு மடங்கு பெரிதாக்கிய ஒரு நகலைக் கையில் வைத்திருங்கள். சின்னதில் தடுமாறியவர் பெரியதில் சரியாகச் சொன்னால் அவருக்குத் தேவை கண்ணாடி, கூடுதல் பாடம் இல்லை. ஆனால் வினாடி வினாவின் முடிவில் ஒரு முறையாவது நிஜ அளவுத் தாளையும் கொடுங்கள், கடையிலும் பஸ்ஸிலும் அந்த அளவில்தான் கிடைக்கும்.

நடத்தும் முறையையும் மாற்றுங்கள். கூட்டமாகக் கேட்டால் ஒருவர் சொல்வதை மற்ற பதிமூன்று பேரும் திரும்பச் சொல்வார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆளுக்கொரு தாள் கொடுத்து, பதில் இருக்கும் இடத்தில் விரலை வைக்கச் சொல்லிவிட்டு நீங்கள் சுற்றி வாருங்கள். ஒரு மாலைக்கு எட்டுக் கேள்வி போதும். மதிப்பெண் போட வேண்டாம், யார் எந்த எண்ணைக் காட்டினார் என்று உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

கற்பவர்களின் சொந்த பில்களைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். ஒரு வகுப்பில் நான் அப்படிச் செய்து, ஒரு பெரியவரின் மூன்று மாத பாக்கி எல்லார் முன்னாலும் தெரிந்துவிட்டது. அதன் பிறகு அவர் இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. உங்கள் வீட்டுப் பில்லில் பெயர், முகவரி, இணைப்பு எண் மூன்றையும் மறைத்து நகல் எடுத்துப் பயன்படுத்துங்கள். நீங்கள் தயாரிக்கும் மருந்து லேபிள்களில் நிஜ மருந்தின் பெயரைப் போடாமல், குறுக்கே பெரிதாக "பயிற்சிக்கு மட்டும்" என்று எழுதி, வகுப்பு முடிந்ததும் எண்ணித் திரும்ப வாங்கிவிடுங்கள். ஒன்று யார் பையிலாவது வீட்டுக்குப் போனால், அதை நிஜ மருந்துச் சீட்டு என்று யாராவது எடுத்துக்கொள்ளக்கூடும்.