உதவித்தொகை முறையீட்டுக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

கேள்வி: பி.இ. முதலாண்டு முடித்திருக்கிறேன். கல்லூரியே தரும் மெரிட் ஸ்காலர்ஷிப்பில் பாதிக் கட்டணம் கழிகிறது, சிஜிபிஏ 7.5 இருக்க வேண்டும். ஏப்ரலில் அப்பாவுக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நான்தான். முதல் செமஸ்டரில் 8.2, இரண்டாவதில் 6.1. பத்து நாளில் முறையீடு கொடுக்கச் சொல்கிறார்கள். 1,500 ரூபாய் கொடுத்தால் எழுதித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இப்படி எழுதித் தருகிறவர்களிடம் இருப்பது ஒரே கடிதம். பெயரும் நோயும்தான் மாறும். அதே வாக்கியங்கள் இன்னும் நாலு பேர் கடிதத்திலும் இருந்தால் கமிட்டிக்குப் புரியாதா? அதைவிடப் பெரிய வம்பு, "உங்களுக்கே உடம்பு சரியில்லைன்னு ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கிடலாம்" என்ற யோசனை. சர்டிபிகேட்டில் படுக்கையில் இருந்ததாகச் சொல்லும் தேதியில் லேப் வருகைப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து இருந்தால், உதவித்தொகையோடு போகாது, ஒழுங்கு நடவடிக்கையில் போய் நிற்கும். நோயாளி அப்பா, உண்மையே போதும்.

கமிட்டி பார்ப்பது இரண்டுதான்: மார்க் ஏன் விழுந்தது, இனி ஏறுமா. ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

முதல் கேள்விக்குத் தேதிதான் பதில். "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று எழுதினால் எதுவும் நிற்காது. இப்படி எழுதுங்கள்: "ஏப்ரல் 9 அன்று தந்தை பக்கவாதத்தால் அனுமதிக்கப்பட்டு 21 அன்று வீடு திரும்பினார். இந்த 13 நாட்களும் உடனிருந்தேன். இரண்டாம் இன்டர்னல் தேர்வு 15 முதல் 18 வரை நடந்தது. இரண்டு தாள்கள் எழுதவில்லை." அந்த நாட்களின் வருகைப் பதிவும் இதோடு ஒத்துப்போக வேண்டும்.

சான்றாக டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்று போதும். மருந்துக்கடை பில்களைக் கட்டாக வைத்தால் யாரும் புரட்ட மாட்டார்கள். சம்மரி தொலைந்திருந்தால் ஆஸ்பத்திரியின் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் ஐ.பி. எண்ணைச் சொல்லி, அப்பாவின் கையெழுத்தோடு எழுதிக் கேளுங்கள். நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதியே இருக்கிறது. இருந்தும் "நாளைக்கு வாங்க" என்று அலைய விடுவார்கள். பத்து நாள் கெடுவில் இதற்கே பாதி போய்விடும், முதல் நாளே போய் நில்லுங்கள்.

இரண்டாவது கேள்வியில்தான் பலர் சறுக்குகிறார்கள். "அடுத்த செமஸ்டரில் 7.5-க்குக் கொண்டுவருவேன்" என்று எழுதும்முன் கணக்குப் போடுங்கள். முதல் செமஸ்டர் 22 கிரெடிட், இரண்டாவது 24 என்று வைத்துக்கொள்வோம். 22-ஐ 8.2-ஆல் பெருக்கினால் 180.4, 24-ஐ 6.1-ஆல் பெருக்கினால் 146.4. கூட்டுத்தொகை 326.8. அதை 46-ஆல் வகுத்தால் இப்போதைய சிஜிபிஏ 7.1. மூன்றாம் செமஸ்டர் 23 கிரெடிட் என்றால், 7.5-ஐத் தொட அதில் 8.3 எடுக்க வேண்டும். வீட்டில் எந்தச் சிக்கலும் இல்லாதபோது எடுத்ததே 8.2! அதனால் இரண்டு செமஸ்டர் அவகாசம் கேளுங்கள். நான்காவதும் 23 கிரெடிட்டாக இருந்தால் சராசரி 7.9 போதும். இந்தக் கணக்கை உங்கள் உண்மையான கிரெடிட்டுகளோடு கடிதத்திலேயே காட்டுங்கள். இப்போது அப்பாவை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் "திரும்பவும் இதே நடக்காதா?" என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

மறுமதிப்பீட்டுக்குப் போட்டிருந்தால் ஒரு எச்சரிக்கை. ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பல்கலைக்கழகம் அதை எப்போது வெளியிடும் என்பது அவர்களுக்கே தெரியாத விஷயம். உங்கள் கெடு அதற்காக நகராது. இப்போதுள்ள மார்க்கை வைத்தே கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "இன்ன தாளுக்கு மறுமதிப்பீடு கோரியுள்ளேன், முடிவு வந்ததும் சமர்ப்பிக்கிறேன்" என்று சேர்த்து, பணம் கட்டிய ரசீதையும் இணையுங்கள். மார்க் கூடினால் புதுக் கடிதம் வேண்டாம். பழைய முறையீட்டின் தேதியைக் குறிப்பிட்டுப் புது மார்க் விவரத்தை மட்டும் கொடுங்கள். அதுவே 7.5-ஐத் தாண்ட வைத்தால் முறையீடே தேவைப்படாமல் போகலாம். அதற்காக முன்கூட்டியே கொடுக்காமல் விடக் கூடாது.

அப்பாவின் வருமானம் நின்றுபோனதை இதில் கலக்காதீர்கள். இது மதிப்பெண்ணுக்கான உதவி. பண நெருக்கடிக்குக் கட்டணச் சலுகை கேட்டுத் தனி மனு எழுதுங்கள்.

டியூட்டரின் பரிந்துரைக் கையெழுத்தோடு துறைத் தலைவர் வழியாக, முதல்வருக்கு என்று எழுதி அலுவலகத்தில் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். "டேபிள்ல வெச்சுட்டுப் போம்மா" என்றால் நகராதீர்கள். சீல் இல்லாத கடிதம் பதினோராவது நாள் "வரவே இல்லை" ஆகிவிடும்.