சேலையூர் தையல் கடைக்கு எந்தக் கேட்டகரி, எந்த லொகேஷன்?

கேள்வி: கிழக்கு தாம்பரம் சேலையூரில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். ஆரி வேலையும் உண்டு. கூகுள், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் பக்கம் இருக்கிறது. ஆனால் அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் தேடினால் கடை வருவதில்லை. கேட்டகரியும் லொகேஷனும் எப்படிப் போட வேண்டும்?

பதில்:

முதலில் கூகுளைச் சரிசெய்யுங்கள். அவசரமாகப் பிளவுஸ் தைக்க ஆள் தேடுகிறவர் பெரும்பாலும் அங்கேதான் தேடுவார். தேடிய சொல்லுக்குக் கடை பொருந்துகிறதா, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு அறியப்பட்டது என்ற மூன்றையும் வைத்துத்தான் கூகுள் கடைகளை வரிசைப்படுத்துகிறது. முதலாவதில் கேட்டகரிக்குப் பெரிய பங்கு உண்டு.

முதன்மைக் கேட்டகரி ஒன்றுதான் வைக்க முடியும். தையல் கடைக்காரர்கள் பலர் கௌரவமாக இருக்கட்டும் என்று அதில் `Boutique` போட்டுவிடுகிறார்கள். அந்தச் சொல்லைத் தேடுபவர்களில் பலருக்கு வேண்டியது தைத்து வைத்த சுடிதாரும் குர்தியும்தான். துணியோடு வந்து அளவு கொடுக்க நினைப்பவர் டெய்லரைத் தேடுவார். ‘இந்தக் கடை ஒரு ___’ என்று சொல்லிப் பாருங்கள், கோடிட்ட இடத்தில் பொருந்துவதே உங்கள் கேட்டகரி. உங்களுக்கு அது `Tailor`. கூடுதலாக ஒன்பது வரை சேர்க்கலாம், ஆனால் உங்களுக்கு `Embroidery service` போதும். பழைய துணியைப் பிடித்துக் கொடுக்கும் வேலையும் எடுத்தால் `Clothing alteration service`. நாலு சேலை விற்பனைக்கு வைத்திருப்பதற்காக ஜவுளிக்கடை கேட்டகரி வேண்டாம்.

‘பிளவுஸ் ஸ்டிச்சிங்’ என்று ஒரு கேட்டகரி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அதை `Services` பகுதியில் நீங்களே தட்டச்சு செய்து சேர்க்கலாம்: லைனிங் பிளவுஸ், பிரின்சஸ் கட், ஆரி வேலை என்று தனித்தனியாக. கடைப் பெயரில் மட்டும் அதை ஒட்டாதீர்கள். போர்டில் இருக்கும் பெயரோடு ‘பெஸ்ட் டெய்லர் தாம்பரம்’ என்று சேர்ப்பது கூகுள் விதிக்கு மாறானது, பக்கத்தையே முடக்கவும் கூடும்.

அப்புறம், மேப்பில் கடை இருக்கும் இடத்தைக் காட்டும் பின். தாம்பரத்தில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் ரயில் பாதை ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. முகவரியில் வெறும் ‘தாம்பரம்’ என்று இருந்து, பின் மேற்குப் பக்கமாக விழுந்திருந்தால், கேம்ப் ரோட்டில் நின்று தேடுபவருக்கு உங்கள் கடை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதாகத் தெரியும். `Edit profile` போய் முகவரியைத் திறந்து, வரைபடத்தைப் பெரிதாக்கி, பின்னை உங்கள் கடை வாசல் மேலேயே இழுத்து வையுங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கடை தெரியாத ஒருவரை மேப் பார்த்து வரச் சொல்லுங்கள். அவர் பக்கத்துத் தெருவில் நின்று போன் செய்தால் பின் தவறு. எந்தெந்த ஊருக்குச் சேவை தருகிறோம் என்று குறிப்பிடும் `Service area`வில் சிலர் வேளச்சேரி, மேடவாக்கம் என்று அடுக்குவார்கள். அதனால் அந்த ஊர்க்காரர்கள் தேடும்போது கடை மேலே வந்துவிடாது. தூரம் கடை இருக்கும் இடத்திலிருந்துதான் கணக்கு.

இன்ஸ்டாகிராமில் நிலைமை வேறு. அங்கே `Name` பெட்டியில் இருக்கும் சொற்களும் தேடலில் வரும், அதனால் கடைப் பெயரோடு ‘Blouse stitching Selaiyur’ என்று சேர்ப்பது பலன் தரும். 14 நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள், யோசித்துப் போடுங்கள். கேட்டகரியில் `Product/service` போன்ற பொதுவானதை விட்டுவிட்டு, `tailor` என்று தட்டி வருவதில் நெருக்கமானதை எடுங்கள். பதிவுகளுக்கு ‘Chennai, India’ என்று லொகேஷன் டேக் வைத்தால், ஊர் முழுக்கப் போடும் படங்களுக்குள் உங்கள் பிளவுஸ் சீக்கிரமே அமுங்கிவிடும். கடைப் பெயரிலேயே டேக் வைத்தால், உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்தான் அதைத் திறப்பார். சேலையூர் டேக் வையுங்கள். ஒரு கல்லூரி விழாவுக்குத் தைத்துக் கொடுத்த பிளவுஸ் என்றால் அந்தக் கல்லூரியின் டேக்.

பலனைப் பார்க்க, உங்கள் போனில் கடைப் பெயரைத் தேடிப் பயனில்லை. கூகுள் பக்கத்தில் `Performance` திறந்தால், எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்குக் கடை தெரிந்தது என்று பட்டியல் வரும். அதில் கடைப் பெயர் மட்டுமே இருந்தால் இன்னும் புதியவர்கள் வரவில்லை. ‘tailor near me’, ‘aari work’ போன்றவை ஏறத் தொடங்கினால் கேட்டகரி வேலை செய்கிறது.

ஒரு விஷயம்: முதன்மைக் கேட்டகரியையோ முகவரியையோ மாற்றினால் கூகுள் மறுபடி சரிபார்க்கச் சொல்லலாம். கடையையும் போர்டையும் வீடியோ எடுத்து அனுப்பவேண்டி வரும், முடியும்வரை பக்கம் தேடலில் தெரியாமலும் போகலாம். தீபாவளி நெருக்கத்தில் கை வைக்காதீர்கள். ஆடியில் தையல் ஆர்டர் குறைவாக இருக்கும்போது மாற்றினால், ஆவணி முகூர்த்தத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும்.